சிவப்பு மையில் ஜூலை பன்னிரண்டு

அந்த அலுவலகத்தில் தேதியக்காவின் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. முதலாளியிலிருந்து தண்ணீர் கேன் போடுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் தேதியக்காதான். இருபத்துமூன்று வருடம். காப்புரிமை கேட்டு வருகிறவர்களுக்கு மனு எழுதித் தாக்கல் செய்து, அரசாங்க அலுவலகத்தோடு கடைசிவரை மல்லுக்கட்டிக் கொடுக்கிற ஏஜென்ட் அவளுடைய முதலாளி. மல்லுக்கட்டுவது அவர் வேலை. எந்த மனுவுக்கு எந்த நாள் கெடு என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பது அவள் வேலை.

இந்தத் தொழிலில் அறிவாளிக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடையாது, தேதிக்குத்தான். மனு போட்டுப் பதினெட்டு மாதம் ஆனதும் அதை அப்படியே ஊருக்கெல்லாம் வெளியிட்டுவிடுவார்கள். அப்புறம் பரிசோதகர் ஒருவர் உட்கார்ந்து படித்து, ‘இது புதுசில்லை, அது தெளிவில்லை’ என்று ஆட்சேபங்களை அடுக்கி ஓர் அறிக்கை அனுப்புவார். அறிக்கைத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் பதில் போய்ச் சேர வேண்டும். முடியவில்லையா, அந்த ஆறு மாதம் முடிவதற்குள் தனி மனு போட்டுக் கேட்டால் இன்னும் மூன்று மாதம் கொடுப்பார்கள். அதையும் கேட்காமல் ஒரு நாள் தாண்டினால் தீர்ந்தது கதை. மனுவைக் கைவிட்டுவிட்டதாகக் கருதிவிடுவார்கள். நீங்கள் கைவிட்டீர்களா, கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருந்தீர்களா என்றெல்லாம் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

தேதியக்காவிடம் இரண்டு புத்தகங்கள் உண்டு. ஒன்று தேதிப் புத்தகம். அதில் நிஜமான கெடு சிவப்பு மையில் இருக்கும். நீட்டிப்பு கேட்டால் எதுவரை போகலாம் என்பது பக்கத்தில் பென்சிலில் இருக்கும். நீட்டிப்பு மனு போட்டு ஒப்புகைச் சீட்டு கைக்கு வந்த பிறகுதான் பென்சில் சிவப்பாகும். இன்னொன்று போன் புத்தகம். யாருக்கு, எப்போது, எதற்குப் பேசினாள் என்று ஒற்றை வரியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி காலி விடுவாள். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் என்பாள். கம்ப்யூட்டரும் நினைவூட்டும்தான். ஆனால் அதற்குத் தேதியை ஊட்டுகிறவள் யார்? இவளேதான், இந்தப் புத்தகத்தைப் பார்த்து.

டிசம்பர் கடைசியில் பழைய தேதிப் புத்தகம் முடிந்து, பாக்கியிருந்தவற்றைப் புதுப் புத்தகத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். அப்போது முதலாளி ஒரு மருந்துக் கம்பெனிக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து அவள் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார்.

“இவங்கதான் தேதியக்கா. எங்க ஆபீஸோட அஸ்திவாரமே இவங்கதான். இருபத்துமூணு வருஷத்துல ஒரு தேதி தப்பினதில்ல. நான் செத்தாக்கூட உங்க பதில் கரெக்டா போய்ச் சேர்ந்துடும் சார்.”

“அட போங்க சார்” என்றாள் தேதியக்கா. காது வரை சிரிப்பு. தலை நிமிர்ந்திருந்தது, கை மட்டும் எழுதிக்கொண்டிருந்தது. அந்த வரி தையல் மெக்கானிக்கின் மனு. பழைய புத்தகத்தில் சிவப்பில் ஏப்ரல் பன்னிரண்டு, பென்சிலில் ஜூலை பன்னிரண்டு. புதுப் புத்தகத்தில் சிவப்பில் ஜூலை பன்னிரண்டு என்று விழுந்தது. அழகான கையெழுத்து. அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

தையல் மெக்கானிக் என்பவர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் மெஷின் பழுது பார்க்கிறவர். அவர் மனைவியும் அங்கேதான் தைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மெஷின் ஊசி அவள் சுட்டுவிரலில் இறங்கி, நகத்தைப் பிளந்து, எலும்புக்குள் முறிந்து நின்றது. அதற்குப் பிறகு அந்த விரல் மடங்கவில்லை. வேலையும் போயிற்று. மனிதர் இரண்டு வருடம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு ஒரு சின்னத் தகடு செய்தார். ஊசிக்கு முன்னால் ஒரு வில்லில் தொங்கும். துணி எத்தனை மடிப்பு வந்தாலும் வழி விடும். விரல் வந்தால் மட்டும் சட்டென்று மோட்டாரை நிறுத்திவிடும். ஒளியில் விரலைக் கண்டுபிடிக்கிற மின்கண், கம்ப்யூட்டர் ஒன்றும் கிடையாது, பழைய மெஷினிலும் மாட்டலாம். மெஷின் செய்கிற கம்பெனி ஒன்று பார்த்துவிட்டு, ‘காப்புரிமை கையில் வரட்டும், வாங்கிக்கொள்கிறோம்’ என்று எழுதியே கொடுத்திருந்தது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் அந்தக் கடிதம்தான் உலகம்.

பரிசோதகர் சும்மா விடுவாரா? ஏற்கெனவே வெளிநாட்டில் இப்படி இரண்டு இருக்கின்றன, அவற்றைப் பார்த்தால் தொழில் தெரிந்த எவருக்கும் இது தோன்றிவிடும், இதில் கண்டுபிடிப்பு என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தார். “அதெல்லாம் மின்கண்ல ஓடுறது. தடி துணிய விரல்னு நினைச்சு நின்னுடும். நம்மது நிக்காது. அத எண்ணிக்கையில காட்டினா வாயடைச்சுப் போயிடுவாரு” என்றார் முதலாளி. அதனால் மெக்கானிக் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி ஆய்வகத்தில் தகட்டைக் கொடுத்து ஆயிரம் தடவை சோதிக்கச் சொல்லியிருந்தார்.

மார்ச்சில் அவர் அலுவலகத்துக்கு மூச்சிரைக்க வந்தார்.

“அக்கா, ஏப்ரல்ல கெடுன்னு சொன்னீங்கல்ல? லேப்ல இன்னும் ரெண்டு மாசம் ஆகும்கிறாங்கக்கா. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல.”

தேதியக்கா புதுப் புத்தகத்தைப் புரட்டினாள். சிவப்பில் ஜூலை. சிவப்பு என்றால் நீட்டிப்பு மனு போட்டாயிற்று, சீட்டு வந்தாயிற்று. அவள் சட்டம் அது, அவளே போட்டது. தன் கையெழுத்தை யாராவது சந்தேகப்படுவார்களா?

“ஜூலை பன்னிரண்டு வரைக்கும் இருக்கு. நிம்மதியா போய்ச் செய்ங்க.”

“தெய்வம்க்கா நீங்க” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். ஏப்ரல் மூன்றாம் தேதி அலுவலகத்துத் தொலைபேசி எண் மாறியது. எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்லும்போது மெக்கானிக் வீட்டுக்கும் பேசினாள். மனைவி எடுத்தாள். “ஆபீஸ் நம்பர் மாறிடுச்சும்மா, அவர்கிட்ட சொல்லிடு” என்றாள் இவள். “சரிக்கா, சொல்லிடுறேன்” என்றாள் அவள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஏப்ரல் பன்னிரண்டு வந்தது, போனது. அன்று தேதியக்கா ஜன்னல் ஓரச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

ஜூன் கடைசியில் இரண்டு பேரும் ஜோடியாக வந்தார்கள். மெக்கானிக் கையில் ஆய்வக அறிக்கை. ஆயிரத்தில் ஆயிரம். தடி துணியில் ஒரு தடவைகூட நிற்கவில்லை, பொம்மை விரலில் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. மனைவி ஒரு டப்பா பிஸ்கட்டை மேஜையில் வைத்தாள்.

“இந்த டப்பாவ இவளத்தான் எடுத்துட்டு வரச் சொன்னேன். பஸ்லயே விட்டுட்டு இறங்கிட்டா. நான் ஓடிப் போய் எடுத்துட்டு வந்தேன்” என்று சிரித்தார் மெக்கானிக். “கழுத்தோட ஒட்டியிருக்குறதால தல மட்டும் மறக்காம வருது.”

“உங்களுக்கு என்னைக் கிண்டல் பண்ணலன்னா பொழுது போகாதே” என்று அவளும் சிரித்தாள். மடங்காத சுட்டுவிரல் டப்பா மேல் நீட்டிக்கொண்டிருந்தது.

“இன்னிக்கே போட்டுடலாம்” என்று தேதியக்கா கம்ப்யூட்டரைத் திறந்தாள். மனு எண்ணைத் தட்டினாள். நிலவரம் என்ற இடத்தில் ஒரு வரி வந்தது. விதித்த காலத்துக்குள் பதில் தாக்கல் செய்யப்படாததால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படுகிறது.

எண்ணைத் தப்பாகத் தட்டிவிட்டோம் என்று மறுபடி தட்டினாள். மூன்றாம் தடவை ஒவ்வோர் இலக்கமாக விரலை வைத்து ஒப்பிட்டாள். நீட்டிப்பு மனு எங்கே, சீட்டு எங்கே என்று கோப்பைக் குடைந்தாள். இல்லை. பீரோவிலிருந்து பழைய புத்தகத்தை எடுத்தாள். சிவப்பில் ஏப்ரல். பென்சிலில் ஜூலை. எல்லாம் புரிந்துவிட்டது.

“என்னக்கா, நெட் வரலையா?” என்றார் மெக்கானிக்.

“ஆமா, கொஞ்சம் உட்காருங்க” என்று இரண்டு புத்தகங்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு முதலாளி அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். சொன்னாள்.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பாள். இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சார், புதுசா இன்னொரு மனு...”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க. பதினெட்டு மாசம் ஆனதும் வெளியிட்டுட்டாங்கல்ல? புதுசா போட்டா அவரோட பழைய மனுவையே எடுத்து, இது ஏற்கெனவே ஊருக்குத் தெரியும்பாங்க. அவர் சரக்கே அவருக்கு எதிரி.”

“கோர்ட்டுக்குப் போகலாமே சார். தப்பு நம்மளுது, அவர் கைவிடணும்னு நினைக்கவே இல்லன்னு நாம சத்தியம் பண்ணி எழுதிக் கொடுத்தா, சில சமயம் மீட்டுக் கொடுத்திருக்காங்களே. போன வருஷம்கூட அப்படி ஒரு தீர்ப்பு வந்துச்சே.”

நல்ல புத்தி அவளுக்குத்தான் முதலில் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

“எழுதலாம்” என்றார் முதலாளி. “தாராளமா எழுதலாம். யாரோட தப்புன்னு எழுதணும்ல? உங்க பேரப் போட்டு, இந்த ரெண்டு பக்கத்தையும் நகலெடுத்து வச்சு எழுதணும். தீர்ப்பு வரும், எல்லா ஏஜென்ட்டும் படிப்பான். தேதியக்கா தேதிய எப்படித் தப்பவிட்டாங்கன்னு பாடமா நடத்துவான். மருந்துக் கம்பெனிக்காரன் கோப்பெல்லாம் தூக்கிட்டுப் போயிடுவான். போகட்டும். என்ன பண்றது?”

தேதியக்கா இரண்டு புத்தகங்களையும் மூடினாள். அவளுக்கு வேலை போய்விடும் என்ற பயம்கூட அவ்வளவாக இல்லை. உண்மையைச் சொன்னால் என்ன, அவளுக்குப் பயம் அந்தப் பெயர் மேல். சம்பளச் சீட்டில் இருக்கிற பெயரை எவன் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகட்டும். தேதியக்கா என்கிற பெயரை விட்டு அவளால் ஒரு நாள் இருக்க முடியாது.

“ஏப்ரல்ல கெடுவுக்கு முன்னாடி அவங்ககிட்டப் பேசினீங்களா?” என்றார் முதலாளி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

“மூணாம் தேதி. நம்பர் மாறினதுக்கு.”

“யாரு எடுத்தாங்க?”

“அவர் வைஃப்.”

“போன் புத்தகத்துல அதுக்குக் கீழ ஒரு வரி காலியா இருக்கும். நீங்கதான் எப்பவும் விடுவீங்களே.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “நான் எதுவும் சொல்லல. உங்க இஷ்டம்.”

அவரை அயோக்கியன் என்று சொல்லிவிட்டால் சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அவர் பேனாவை எடுத்துக் கொடுக்கவில்லை. கையைப் பிடித்து எழுதவில்லை. தேதியக்கா தானாகத் தன் இடத்துக்கு வந்து, போன் புத்தகத்தை மடியில் வைத்து, ஏப்ரல் மூன்றுக்குக் கீழே காலியாக இருந்த வரியில் எழுதினாள். ‘நீட்டிப்பு மனுவுக்குச் சம்மதம் உடனே தேவை, இல்லாவிட்டால் மனு போய்விடும் என்றேன். சொல்வதாகச் சொன்னார்.’ அப்புறம் புதுத் தேதிப் புத்தகத்தில் ஜூலையைச் சுரண்டி ஏப்ரல் ஆக்கினாள். இரண்டு அடி தள்ளி மெக்கானிக் ஆய்வக அறிக்கையின் ஓரம் மடங்காமல் நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணே” என்றாள். “மனு போயிடுச்சுண்ணே.”

“எங்க போயிடுச்சு?”

சொன்னாள். கைவிட்டதாகக் கருதிவிட்டார்கள், இனி பதில் வாங்க மாட்டார்கள், புதிதாகவும் போட முடியாது, வரைபடத்தோடு வெளியான பொருள், இனி யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். மெக்கானிக் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார், வேறு யாருடைய கதையையோ கேட்பதுபோல.

“நீங்கதானே அக்கா மார்ச்ல ஜூலைன்னு சொன்னீங்க?”

“நீட்டிப்பு போட்டா ஜூலைண்ணே. அதுக்கு நீங்க சரின்னு சொல்லணும். அதக் கேக்கத்தான் ஏப்ரல் மூணாம் தேதி வீட்டுக்குப் போன் பண்ணேன். இவங்கதான் எடுத்தாங்க. சொல்லிடுறேன்னாங்க. நீங்க திரும்பப் பேசவே இல்ல. வேணாம்னு விட்டுட்டீங்கன்னு நினைச்சுட்டோம்.” போன் புத்தகத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள். வாய் கூசவில்லை. இருபத்துமூன்று வருடம் தேதி சொன்ன வாய், அதே குரலில் சொல்லிற்று.

மெக்கானிக் அந்த வரியை விரல் வைத்துப் படித்தார். அப்புறம் மனைவியைப் பார்த்தார்.

“நம்பர்...” என்றாள் அவள். “நம்பர் மாறிடுச்சுன்னுதானே அக்கா சொன்னீங்க? அத அன்னிக்கே இவர்கிட்ட சொன்னேனே.”

“அதுவும் சொன்னேன்மா. அதுக்கப்புறம் இதச் சொன்னேன்.”

“அப்புறமா?” அவள் புருவத்தைச் சுருக்கினாள். தேடுகிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. அடுப்பில் என்ன வைத்திருந்தோம், கதவை யாராவது தட்டினார்களா, ரேடியோ ஓடிற்றா. பாவம், இல்லாத ஒன்றை எங்கே போய்த் தேடுவாள்? “இருக்கலாம்” என்றாள் கடைசியில். “அக்கா பொய்யா சொல்லப் போறாங்க? நான்தான்... என் தலைதான்...”

மெக்கானிக் எழுந்தார். அடிக்கவில்லை. அவர் அடிக்கிற ஆள் இல்லை.

“உன் விரலுக்காகத்தான்டி செஞ்சேன்” என்றார். “இனிமே அந்த விரல என் கண்ணுல காட்டாத.”

முதலாளி அறைக் கதவு திறந்து பாதி முகம் தெரிந்தது. “கோர்ட்டுக்குப் போனா வருமா சார்?” என்றார் மெக்கானிக். “ஆபீஸ் தப்புன்னா கேட்டுப் பார்க்கலாம். சொந்தக்காரரே கவனிக்காம விட்டது, கஷ்டம்” என்றார் முதலாளி. மெக்கானிக் சரி என்றார். தேதியக்காவைப் பார்த்துக் கை கூப்பினார். “நீங்க உங்க கடமையச் செஞ்சீங்கக்கா. எனக்கு வாய்ச்சது அப்படி.” ஆய்வக அறிக்கையை எடுத்துக்கொள்ளாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

அவர் மனைவி தாள்களைப் பொறுக்கி அடுக்கினாள். வலது கையைப் புடவைக்குள் ஒளித்துக்கொண்டு இடது கையாலேயே அடுக்கினாள். பக்கங்கள் முன்னும் பின்னுமாகப் போயின. பிறகு மேஜைக்கு நெருங்கி வந்து, ரகசியம் கேட்பதுபோலக் குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, அன்னிக்கு நான் என்ன சொன்னேன் உங்ககிட்ட? அப்படியே சொல்லுங்களேன்.”

இந்தக் கேள்வியைத் தேதியக்கா எதிர்பார்க்கவில்லை. அப்போதும் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்கவில்லை. கீழே தெருவில்தான் மெக்கானிக் நின்றுகொண்டிருந்தார். ஜன்னலைத் திறந்து ஒரு குரல் கொடுத்தால் போதும்.

“‘சரிக்கா, சொல்லிடுறேன்’னு சொன்னே.”

“ஆமா” என்றாள் அவள், உடனே. முகத்தில் ஒரு தெளிவு வந்தது. “அப்படித்தான் சொன்னேன். அது ஞாபகம் இருக்கு.” மேஜையைக் கண்ணால் துழாவினாள். “அக்கா, பேனா இருந்தா கொடுங்க. என்ன தேதின்னு சொன்னீங்க?”

“எதுக்கும்மா?”

“எழுதி வச்சுக்கறேன். இதையும் மறந்துட்டேன்னா மனுஷியே இல்ல நான்.”

மேஜையில் கைக்கு எட்டினது சிவப்புப் பேனாதான். தேதியக்கா அதைத்தான் கொடுத்தாள். அவள் பிஸ்கட் டப்பாவின் மேல் தாளைக் கிழித்து, மடங்காத விரலை நீட்டி வைத்துக்கொண்டே, கோணல்மாணலாக எழுதினாள்.

“ஏப்ரல் மூணு” என்றாள் தேதியக்கா, அவள் சரியாக எழுதுகிறாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே.